சப்டைட்டில்ல எழுத்து ஒடையுதா, நேரம் தப்புதா? அறிகுறிய வச்சு கண்டுபிடிக்கிற வழி

கடலூர் தேவனாம்பட்டினத்துல ஒரு மீனவப் பெரியவர உக்கார வச்சு தானே புயல் பத்தி பேச வச்சோம், அதாங்க 2011 டிசம்பர் 30 காலையில நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறின புயல். ஃபோன்ல எடுத்தது, மொத்தம் 48 நிமிஷம். காது கேக்காதவங்களும் பாக்கணும்னு அவர் பேசுற தமிழையே தமிழ்ல சப்டைட்டிலா போட்டோம். என் லேப்டாப்ல அம்சமா ஓடுச்சு. அத நம்பி பென்டிரைவ்ல போட்டு ஊர்ல ஒரு ஹால்ல இருந்த டிவியில சொருகினா, "தானே"ன்னு வர வேண்டிய எடத்துல இப்படி வந்துச்சு:

```
à®¤à®¾à®©à¯‡
```

அதே ஃபைல் பக்கத்துல ஒருத்தர் ஃபோன்ல எழுத்தெல்லாம் சரியா வருது, ஆனா கடைசி பத்து நிமிஷம் பெரியவர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே வரி வந்து நிக்குது. "இன்னாப்பா இது, நான் பேசறதுக்கு முன்னாடியே அது பேசுது"ன்னு அவரே கேட்டுட்டாரு. அன்னிலேருந்து எந்த ஃபைல அனுப்பினாலும் நான் செய்யற மொத வேலை ஒண்ணு இருக்கு, அத சொல்லிட்டு அப்புறம் ஒவ்வொரு கோளாறா பாப்போம்.

ரெண்டே வரி உள்ள ஒரு சோதனை ஃபைல் எழுதி, ஏதாவது சின்ன வீடியோவுக்கு அதே பேர் வச்சு (`test.mp4`னா `test.srt`) எந்த டிவியில, எந்த ஃபோன்ல காட்டப் போறோமோ அதுலயே முன்கூட்டி ஓட்டிப் பாத்துடுங்க.

```
1
00:00:02,000 --> 00:00:05,000
தேன் கொக்கு கோழி மௌனம் ஸ்ரீ

2
00:00:06,000 --> 00:00:09,000
இந்த வரி ஆறாவது செகண்டுல வரணும்
```

மொத வரியில இருக்கற வார்த்தைங்க சும்மா பொறுக்கினது இல்ல. ஒற்றக்கொம்பு, ரெட்டக்கொம்பு, கொம்பும் காலும் சேந்தது, ஔகாரக் குறி, கூட்டெழுத்து எல்லாம் அதுல வந்துடுது. எது ஒடையுதுன்னு பாத்தாலே கோளாறு ஃபைல்லயா, ஃபான்ட்லயா, ப்ளேயர்லயான்னு பாதி தெரிஞ்சிடும்.

à® à® à®னு வரிசையா வந்தா

இது பாக்க பயங்கரமா இருக்கும், ஆனா இருக்கறதுலயே லேசான வியாதி இதான். ஃபைல் நல்லாதான் இருக்கு, படிக்கறவன்தான் தப்பா படிக்கறான். எழுத்த பைட்டா எழுதி வைக்கற முறை யூடிஎஃப்-8, அதுல ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட் எடுத்துக்கும், மொத பைட் E0, ரெண்டாவது AE இல்லன்னா AF. டிவி அத யூடிஎஃப்-8னு புரிஞ்சிக்காம பழைய ஐரோப்பிய எழுத்து அட்டவணைய வச்சு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தா படிச்சா E0க்கு à, AEக்கு ®ன்னு போட்டுடுது. அதனாலதான் எந்த தமிழ் வார்த்தையா இருந்தாலும் à®, à¯ ரெண்டும் மாறி மாறி வருது.

டிவி மெனுவுல சப்டைட்டில் என்கோடிங்னு ஒரு இடம் இருந்தா யூடிஎஃப்-8ன்னு மாத்துங்க. விஎல்சி ப்ளேயர்லன்னா `Preferences`ல `Subtitles / OSD` உள்ள `Default encoding`. டிவியில அப்படி இடமே இல்லன்னா ஃபைலோட தலையில ஒரு அடையாளம் வைக்கணும், பிஓஎம்னு சொல்லுவாங்க, EF BB BF ன்னு மூணு பைட். நோட்பேட்ல தொறந்து `Save as` குடுத்து கீழ `Encoding`ல `UTF-8 with BOM` எடுத்தா போதும். எங்க ஹால் டிவிக்கு இதுதான் மருந்து.

இதுல ஒரு பக்கவிளைவு இருக்கு. சில ப்ளேயருங்க அந்த மூணு பைட்டையும் மொத வரி நம்பரோட சேத்துப் படிச்சு "1" எங்கன்னு தெரியாம மொத சப்டைட்டில மட்டும் முழுங்கிடும். மொத வரி மட்டும் காணோம், மத்ததெல்லாம் இருக்குன்னு யாராவது சொன்னா வேற எங்கயும் தேடாதீங்க, இதான். நான் மொத சப்டைட்டில்ல ஊர் பேரையோ தலைப்பையோ போட்டு வச்சிடுவேன், போனாலும் நஷ்டம் இல்ல.

ஒண்ணே ஒண்ணு செஞ்சிடாதீங்க. à®னு தெரியற நெலையிலயே காப்பி பண்ணி வேற ஃபைல்ல ஒட்டி சேவ் பண்ணினீங்கன்னா குப்பையே நெசமாயிடும். அத திருப்பிக் கொண்டு வர முடியும்னு சொல்லுவாங்க, ஆனா தமிழுக்கு அதுல ஒரு ஆப்பு இருக்கு. அந்த பழைய அட்டவணையில 81, 8D, 8F, 90 இந்த பைட்டுங்களுக்கு எழுத்தே கெடயாது. புள்ளியோட கடைசி பைட் 8D, உகரக் குறியோடது 81, ஏவும் ஐயும் 8F, 90. காப்பி பண்றப்போ இதுங்க காத்துல போயிடுச்சுன்னா திருப்பினதுக்கு அப்புறம் புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ்தான் கெடைக்கும், அத கையால திருத்தறதுக்கு புதுசா அடிச்சிடலாம்.

????? மட்டும் வந்தா

ஆள் போயாச்சு. யாரோ ஆன்சிங்கற பழைய என்கோடிங்ல சேவ் பண்ணிட்டாங்க, அதுல தமிழுக்கு இடம் இல்லாததால ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி எழுதி வச்சிடுச்சு. ஃபைலுக்குள்ள தமிழே இல்ல. பழைய பிரதி இருக்கான்னு தேடுங்க. விண்டோஸ் 10ல 1903 பதிப்புக்கு முந்தின நோட்பேட் புது ஃபைல, நாம மாத்தலன்னா, ஆன்சியிலதான் சேவ் பண்ணும், பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்க கிட்ட ஃபைல் போயிட்டு வந்தா மொதல்ல அத பாருங்க.

jhNd மாதிரி இங்கிலீஷ் எழுத்து வந்தா

டிடிபி கடையில பாமினி ஃபான்ட்ல அடிச்சுக் குடுத்துருக்காங்க. `jhNd`ன்னா பாமினியில "தானே". அந்த ஃபான்ட் இருக்கற மெஷின்ல மட்டும்தான் அது தமிழ். யூனிகோடுக்கு மாத்தற கன்வர்ட்டர்ல போட்டு எடுத்து, ஒரு தடவ முழுசா படிச்சுப் பாத்துட்டு அப்புறம் நேரம் போடுங்க. நேரம் போட்ட ஃபைல அப்படியே கன்வர்ட்டர்ல போட்டா `-->` அம்புக்குறியையும் ஏதாவது எழுத்தா மாத்திடும்.

கட்டம் கட்டமா வந்தா

எழுத்து சரியா போய்ச் சேந்துருக்கு, வரையறதுக்கு ஃபான்ட் இல்ல. லேப்டாப்ல விஎல்சின்னா அதே `Subtitles / OSD` பக்கத்துல ஃபான்ட்ட `Nirmala UI`ன்னு மாத்துங்க, விண்டோஸ்லயே இருக்கு. டிவியில ஃபான்ட் ஏத்தற வசதி இருக்காது, அதுக்கு கீழ சொல்ற வழிதான்.

எல்லாம் சரியா வந்து நடுவுல அங்க ஒண்ணு இங்க ஒண்ணு கட்டம் வந்தா அது வேற கத. சில தமிழ் கீபோர்டு "க்ஷ" மாதிரி எடத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறிய, U+200C, நடுவுல போட்டு வைக்கும். லேப்டாப் அத மறைச்சிடும், டிவி கட்டமா காட்டும். அந்தக் குறியத் தேடி அழிச்சிட்டா முடிஞ்சுது.

கொம்பு எடம் மாறி நின்னா

நான் ரொம்ப நாள் ஏமாந்தது இதுலதான். "தேன்"ல ரெட்டக்கொம்பு தகரத்துக்கு முன்னாடி நிக்கணும், டிவியில அது பின்னாடி போய் நிக்கும். சில சமயம் புள்ளிபுள்ளியா ஒரு வட்டமும் கூடவே வரும். காரணம் இதான்: ஃபைலுக்குள்ள நாம உச்சரிக்கற வரிசையிலதான் இருக்கும், மொதல்ல த, அப்புறம் கொம்பு. அத எடத்துக்கு இழுத்துக் கொண்டு போய் வைக்கறது வரையற ப்ரோக்ராமோட வேலை. அந்த டிவி அத செய்யல. ஃபான்ட் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இத பாத்துட்டு ஒருத்தர், கொம்ப ஃபைல்லயே முன்னாடி கொண்டு வந்து அடிச்சு அந்த டிவியில சரியா வர வச்சாரு. அந்த டிவியில அழகா வந்துச்சு, மத்த எல்லாத்துலயும் ஒடைஞ்சுது. டிவி தப்புக்கு ஃபைல வளைக்கவே கூடாது.

ஆனா ஃபைல் பக்கமும் தப்பு இருக்கலாம், அத எப்படிப் பிரிக்கறதுன்னா, தேன் சரியா வந்து கொக்கு மட்டும் ஒடைஞ்சா ஃபைல சந்தேகப்படுங்க. "கொ"வ ரெண்டு விதமா எழுதலாம், ஒரே குறியா (U+0BCA) இல்லன்னா கொம்பு தனி கால் தனியா. நல்ல ப்ளேயர் ரெண்டையும் ஒண்ணா காட்டும், மட்டமான ப்ளேயர் ரெண்டாவத ஒடைக்கும். எல்லாத்தையும் ஒரே குறியாக்க இந்த வரி போதும்:

```
python3 -c "import unicodedata as u; s=open('thane.srt',encoding='utf-8-sig').read(); open('thane_ok.srt','w',encoding='utf-8').write(u.normalize('NFC',s))"
```

இது பிஓஎம் அடையாளத்தையும் எடுத்துடும், டிவிக்கு வேணும்னா திருப்பிப் போட்டுக்கோங்க. "மௌனம்"ல ஔகாரக் குறிக்குப் பதிலா ளகரத்தையே அடிச்சு வச்சிருந்தா இது திருத்தாது. அது ரெண்டு தனி எழுத்து, கம்ப்யூட்டருக்கு தப்பாவே தெரியாது. "மெள", "கெள"ன்னு தேடி ஒவ்வொண்ணா பாக்கணும், ஏன்னா "மெள்ள"ன்னு நெசமாவே ஒரு வார்த்தை இருக்கு.

தேனும் ஒடையற டிவிக்கு எழுத்த வீடியோவுலயே பொறிச்சிடறதுதான் வழி. வாட்ஸ்அப்ல அனுப்பறதுக்கும் இதே பிரதிதான், அங்க வீடியோவோட தனி சப்டைட்டில் ஃபைல் ஓட வழியில்ல. ffmpegங்கற ப்ரோக்ராமுக்கு இந்தக் கட்டளையக் குடுங்க:

```
ffmpeg -i thane.mp4 -vf "subtitles=thane_ok.srt:force_style='FontName=Noto Sans Tamil'" -c:a copy thane_tv.mp4
```

அந்த ஃபான்ட் உங்க மெஷின்ல இருக்கணும். ஓட்டினதும் மொத ஒரு நிமிஷம் பாத்து தேன், கொக்கு எல்லாம் சரியான்னு உறுதி பண்ணிட்டு அனுப்புங்க, பொறிச்சதுக்கு அப்புறம் திருத்த முடியாது.

நேரம் தப்புது

நேரத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒதட்டப் பாருங்க. ஒதடு அசையறதும் குரலும் பொருந்துதா? அதுவே பொருந்தலன்னா சப்டைட்டில் மேல குத்தம் இல்ல, ப்ளூடூத் ஸ்பீக்கர் சத்தத்த லேட்டா விடுது. ஒயர்ல மாத்திப் பாருங்க. ஒதடும் குரலும் சேந்து வந்து எழுத்து மட்டும் தப்பினாதான் ஃபைலத் தொறக்கணும்.

அப்புறம் ரெண்டு எடத்துல அளக்கணும், ஆரம்பத்துல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. ரெண்டு எடத்துலயும் ஒரே அளவு தப்பினா, யாரோ முன்னாடி லோகோவ வெட்டியிருக்காங்க இல்ல சேத்துருக்காங்க. விஎல்சியில ஓட விட்டு `H` தட்டினா எழுத்து 50 மில்லிசெகண்ட் தள்ளிப் போகும், `G` தட்டினா அதே அளவு முன்னாடி வரும். எத்தன தட்டுன்னு எண்ணி 50ஆல பெருக்குங்க, அந்த அளவு மொத்த ஃபைலையும் நகத்திட்டா வேலை முடிஞ்சுது. நடுவுல ஒரு எடத்துலேருந்து மட்டும் தப்பினா அங்க ஒரு வெட்டு இருக்கு, அதுக்குப் பின்னாடி இருக்கற வரிங்கள மட்டும் நகத்தணும். வரியே வரலன்னா மொத நேரத்தப் பாருங்க, `01:00:00`ல ஆரம்பிக்குதா? எடிட்டிங் டைம்லைன் ஒரு மணியில ஆரம்பிச்சிருக்கு, எல்லாத்துலயும் ஒரு மணி நேரத்தக் கழிக்கணும்.

எங்களுக்கு வந்தது இது எதுவும் இல்ல. ஆரம்பத்துல சரியா இருந்துச்சு, போகப் போக எழுத்து முந்துச்சு. அளந்தது இப்படி: ஃபைல்ல 2 நிமிஷத்துல போட்ட வரிய அவர் பேசினது 00:02:00,120ல, அவ்வளவு சின்ன வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஃபைல்ல 00:47:30,000ல போட்ட வரிய அவர் பேசினது 00:47:32,850ல. கிட்டத்தட்ட மூணு செகண்டு.

செகண்டா மாத்திப் போடுங்க. ஃபைல்ல ரெண்டு வரிக்கும் நடுவுல 2850 கழித்தல் 120, அதாவது 2730. பேச்சுல 2852.85 கழித்தல் 120.12, அதாவது 2732.73. வகுத்தா 1.001. இந்த நம்பரப் பாத்ததும் திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, 30ஐ 29.97ஆல வகுத்தா இதான் வரும்.

நடந்தது என்னன்னா, எடிட் பண்ணின தம்பி டைம்லைன ஒரு செகண்டுக்கு 29.97 ஃப்ரேம்னு வச்சிருந்தான், சப்டைட்டில் நேரத்த அந்த டைம்லைன்ல தெரிஞ்ச டைம்கோட பாத்து எழுதினான். அந்த டைம்கோடு 30 ஃப்ரேம் ஆனா ஒரு செகண்டுன்னு எண்ணும், ஆனா நெசமா 30 ஃப்ரேம் ஓட ஒரு செகண்டுக்கு கொஞ்சம் மேல ஆகும். ஒரு மணி நேரத்துல 3.6 செகண்ட் பின்தங்கிடும். அந்த நேரத்த நெச கடிகாரம்னு நெனச்சு `.srt`ல எழுதினா எழுத்து முந்தத்தான் செய்யும். அப்ப என் லேப்டாப்ல எப்படி சரியா இருந்துச்சுன்னு கேட்டா, நான் மொத அஞ்சு நிமிஷம் பாத்துட்டு மூடி வச்சிட்டேன், வேற ஒண்ணுமில்ல.

நம்பர் வேற மாதிரி வந்தா ஆளும் வேற. 1.0427 பக்கத்துல வந்தா 25க்கும் 23.976க்கும் நடக்கற சண்ட, ஒரு மணி நேரத்துக்கு ரெண்டர நிமிஷம் விலகும், மொத பத்து நிமிஷத்துலயே தெரிஞ்சிடும்.

திருத்தறதுக்கு முன்னாடி நடுவுல மூணாவதா ஒரு எடத்த அளங்க, இத யாரும் செய்யறதில்ல. ஃபைல்ல 00:24:45,000ல இருக்கற வரி 1.001ஆல பெருக்கினா 00:24:46,485ல வரணும். எங்களுது அப்படியே வந்துச்சு, அதனால சப்டைட்டில் எடிட் ப்ரோக்ராம்ல `Point sync` தொறந்து அந்த ரெண்டு வரிக்கும் சரியான நேரத்தக் குடுத்தேன், நடுவுல இருக்கற எல்லாத்தையும் அதுவே இழுத்து வச்சிடுச்சு.

நடுப்புள்ளி பொருந்தலன்னா, உதாரணத்துக்கு நடுவுல நாலு செகண்ட் தப்பி கடைசியில மூணு செகண்ட்தான் தப்புதுன்னா, எந்தப் பெருக்கலும் உதவாது. ஃபோன் வெளிச்சத்துக்கு ஏத்தாப்ல ஃப்ரேம் வேகத்த மாத்தி மாத்தி எடுத்துருக்கும், அத எடிட்டிங் ப்ரோக்ராம் ஒரே வேகம்னு நெனச்சு ஓட்டியிருக்கும். கேட்டுப் பாக்கற கட்டளை:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate -of default=nw=1 phone.mp4
```

ரெண்டு நம்பரும் வேற வேறயா வந்தா சந்தேகம் பெரும்பாலும் சரிதான். ஃபோன்லேருந்து எறக்கின ஒரிஜினல மொதல்ல ஒரே வேகத்துக்கு மாத்திட்டு, அதுல எடிட்டும் பண்ணி, அதுக்கு அப்புறம் சப்டைட்டில் நேரம் போடணும். வேலை முடிஞ்ச பின்னாடி இது தெரிஞ்சா வயித்தெரிச்சல்தான்.

```
ffmpeg -i phone.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a copy phone_30.mp4
```

நேரம் சரி, படிக்க முடியல

பெரியவர் வேகமா பேசுவாரு. வரி ரொம்ப நீளம்னு ப்ரோக்ராம் செவப்பா காட்டிக்கிட்டே இருந்துச்சு. தமிழுக்கு அந்த எச்சரிக்கைய அப்படியே நம்பக் கூடாது, நெறைய ப்ரோக்ராம் குறிய எண்ணும், எழுத்த எண்ணாது. "வாடக்காத்து"ன்னா நமக்கு வா-ட-க்-கா-த்-துன்னு ஆறு எழுத்து, அதுக்கு காலையும் புள்ளியையும் தனித்தனியா எண்ணி பதினொண்ணு. இங்கிலீஷுக்குப் போட்ட வரம்ப வச்சு வெட்டினா பெரியவர் சொன்னதுல பாதி போயிடும். நான் சத்தமா ஒரு தடவ படிச்சுப் பாப்பேன், வரி மறையறதுக்குள்ள முடிக்க முடிஞ்சா விட்டுடுவேன். ஆனா அகலம் வேற விஷயம், ணகரமும் ஐகாரமும் எடத்த அடைக்கும், அத எண்ணி முடியாது, டிவியிலயே பாத்து வரிய எங்க மடக்கறதுன்னு நானே மடக்குவேன். டிவிய மடக்க விட்டா வார்த்தை நடுவுல மடக்கிடும்.

ரெண்டாவது தடவ ஹாலுக்குப் போனப்போ பென்டிரைவ்ல மூணு இருந்துச்சு: பிஓஎம் போட்ட `thane.srt`ஓட `thane.mp4`, பொறிச்ச `thane_tv.mp4`, அந்த ரெண்டு வரி `test.mp4`. டிவியில சொருகி டெஸ்ட்ட ஓட்டினேன், கொம்பு எடத்துல நின்னுச்சு. 47ஆவது நிமிஷத்துக்கு ஓட்டி விட்டேன். பெரியவர் டிவியப் பாக்காம என்னப் பாத்தாரு, "இப்ப எனக்குப் பின்னாடி வருதா?"ன்னாரு. கூடவே வருதுன்னேன்.